பதினைந்து செல்ஃபியும் ஒரு மஞ்சள் சுடிதாரும்

2022 டிசம்பரில் லென்சா என்ற கைப்பேசிச் செயலி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பத்து முதல் இருபது செல்ஃபிகளைக் கொடுத்துக் கொஞ்சம் பணமும் கட்டினால், கொடுத்தவரையே விண்வெளி வீரராகவும் இளவரசியாகவும் வரைந்து தரும். அன்று ஒரு நிறுவனத்தின் கணினிகளில் நடந்த அந்த வேலையை இன்று வீட்டில் உட்கார்ந்தே செய்கிறார்கள். 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு இருந்தால் போதும். இல்லாதவர்கள் வாடகைக் கணினியில் ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள். மென்பொருள் இலவசம், வழிகாட்டிக் காணொளிகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் முதல் முயற்சியில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது தங்கள் முகம் அல்ல, தங்கள் சாயலில் யாரோ ஒருவர். தவறு பெரும்பாலும் கணினியில் இருப்பதில்லை, கொடுத்த படங்களில் இருக்கிறது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற படம் வரையும் மாடல், கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து, மனித முகம் எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே கற்றிருக்கிறது. அதற்குத் தெரியாதது ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம் மட்டுமே. மூன்று முதல் ஐந்து படங்களைக் கொண்டே அதைச் சொல்லித்தர முடியும் என்று கூகுள் மற்றும் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 ஆகஸ்டில் காட்டினார்கள். அந்த முறையின் பெயர் டிரீம்பூத். அதில் மாடல் முழுவதுமே திருத்தப்படும் என்பதால், விளைவாகச் சில ஜிபி அளவுள்ள கோப்பு மிஞ்சும். இப்போது வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் கையாள்வது லோரா என்ற முறையை. மொழி மாடல்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021-இல் உருவாக்கியது அது. தடித்த புத்தகத்தைத் தொடாமல், அதனோடு ஒரு பிழைதிருத்தத் தாளை மட்டும் செருகி வைப்பதற்குச் சமம். தாளின் அளவு சில பத்து எம்பிதான்.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. பயிற்சியின்போது, 'இதுதான் முகம், இது பின்னால் இருக்கும் சுவர்' என்று மாடலிடம் யாரும் சொல்வதில்லை. எல்லாப் படங்களிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

ஒரு கல்லூரி மாணவி, ஞாயிற்றுக்கிழமை மாலை, தன் அறையின் ஜன்னலோரம் அமர்ந்து பதினெட்டு செல்ஃபி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் சுடிதார், விரித்த கூந்தல், வலது மூக்கில் மூக்குத்தி, எல்லாவற்றிலும் ஒரே புன்னகை. பயிற்சி முடிந்து, 'கடற்கரையில் சிவப்புப் புடவையில்' என்று கேட்கிறார். மஞ்சள் உடையோடு, ஜன்னல் வெளிச்சத்தோடு, அதே புன்னகையோடு படம் வருகிறது. மாடலைப் பொறுத்தவரை மஞ்சள் சுடிதாரும் அவர் முகத்தின் ஒரு பகுதிதான். அப்படி இல்லை என்று நினைக்க அதற்கு ஒரு படத்தைக்கூட அவர் தரவில்லை.

இதற்கு மருந்து படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்ல. ஒரே அறையில் இன்னும் முப்பது எடுத்தாலும் மஞ்சள் இன்னும் ஆழமாகத்தான் பதியும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு உடையில், வெயிலில், டியூப்லைட்டில், நேராக, பக்கவாட்டில், சிரித்தும் சிரிக்காமலும் எடுத்த பதினைந்து படங்கள் அந்தப் பதினெட்டை எளிதில் வெல்லும். மாறாமல் இருப்பது முகம் மட்டுமே என்ற நிலை வரவேண்டும்.

இரண்டாவது காப்பு, படக்குறிப்பு. ஒவ்வொரு படத்துடனும் அதே பெயரில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு வைக்கப்படும்:

```
ohwx woman, yellow churidar, sitting near a window, smiling
```

முதலில் இருக்கும் `ohwx`, அந்த மாணவிக்காக மாடலிடம் வைத்த பெயர். மஞ்சள் உடையைத் தனியாகச் சொல்லிவிட்டால் மஞ்சளின் பெரும்பங்கு அந்தச் சொற்களில் போய்ச் சேரும். சொல்லாமல் விட்டவை `ohwx` என்ற பெயருக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே மாறக்கூடிய உடை, இடம், பாவனை எல்லாவற்றையும் எழுத வேண்டும். மாறாத முகவெட்டையும் மூக்குத்தியையும் எழுதக் கூடாது. தொடக்கக்காரர்கள் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். பெரிய கண், அகன்ற நெற்றி என்று அக்கறையோடு எழுதி, முகத்தின் அடையாளத்தைப் பெயரிலிருந்து பிரித்துவிடுகிறார்கள்.

பெயர் தேர்விலும் ஒரு வரலாறு உண்டு. டிரீம்பூத் வந்த புதிதில் எல்லோரும் `sks` என்ற எழுத்துகளைப் பெயராக வைத்தார்கள். அதுவோ ஒரு சோவியத் துப்பாக்கியின் பெயர். சிலருடைய படங்களில் கேட்காமலே துப்பாக்கி முளைத்தது. மாடலுக்கு முன்பே அர்த்தமாகிப்போன சொல்லைத் தவிர்க்கவே `ohwx` போன்ற எழுத்துக்கோவைகள் வழக்கத்துக்கு வந்தன. குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பழைய பதிப்புகளில் சொற்களைப் படிக்கும் பகுதி ஆங்கிலத்தில் பழகியது. தமிழ் எழுத்தை அது பொருளற்ற துண்டுகளாக உடைத்துவிடும்.

அடுத்தது கேமராவின் வேலை. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது, காது தள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் முக அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இதைக் கணக்கிட்டது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். எல்லாப் படமும் அப்படியே எடுத்ததானால் மாடல் கற்பதும் அந்த மூக்கைத்தான். பிறகு தொலைவில் நிற்கும் முழு உருவத்தை வரையச் சொன்னாலும் அகன்ற மூக்கு கூடவே வரும். தீர்வு எளிது: பாதிப் படங்களையாவது பின்பக்கக் கேமராவில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, வேறொருவரை எடுக்கச் சொல்வது.

மூக்குத்திக்கு வேறொரு சிக்கல். முன்பக்கக் கேமரா திரையில் கண்ணாடி பிம்பத்தைக் காட்டுகிறது. சில போன்கள் அதை அப்படியே சேமிக்கின்றன, சில திருப்பிச் சேமிக்கின்றன. இரண்டு வகைப் படமும் கலந்தால் மூக்குத்தி பாதிப் படத்தில் வலப்பக்கம், மீதியில் இடப்பக்கம். வகிடும் கன்னத்து மச்சமும் அப்படியே. விளைவாக இரு பக்கமும் மூக்குத்தி போட்ட முகமோ, மங்கிய புள்ளியோ கிடைக்கும். பயிற்சி மென்பொருளில் `flip_aug` என்றொரு தேர்வு இருக்கிறது. படங்களை இடவலமாகப் புரட்டி எண்ணிக்கையைப் பெருக்கும் வசதி அது. பொருட்களுக்கு நல்லது. முகத்துக்கு வேண்டாம், ஏனெனில் எந்த மனித முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. அழகூட்டும் ஃபில்டரையும் அணைத்துவிட வேண்டும். அது தோலை வழித்தெடுப்பதால் மாடலும் மெழுகுத் தோலையே கற்கும். நிறத்தையும் அது வெளுத்திருந்தால், வெளுத்த நிறமே அவருடைய நிறம் என்று பதிந்துவிடும். மாநிறம் கொண்டவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இனி எண்கள். பரவலாகப் பயன்படும் பயிற்சி மென்பொருளில் படங்களை `10_ohwx woman` என்ற பெயருள்ள ஃபோல்டரில் போடுகிறார்கள். முன்னால் உள்ள 10, ஒரு சுற்றில் ஒவ்வொரு படமும் எத்தனை முறை காட்டப்படும் என்பது. பதினைந்து படம், பத்து முறை, பத்துச் சுற்று: ஒரு நேரத்தில் ஒரு படம் என்றால் 1500 படிகள். முகத்துக்கு இது நியாயமான தொடக்கம். நம் மாணவி பதினெட்டுப் படங்களை இருபது முறை, பத்துச் சுற்று ஓட்டியிருந்தால் 3600 படிகள். மிகையாகக் கற்ற மாடல் முகத்தை விட்டுவிட்டு அந்தப் படங்களையே மனப்பாடம் செய்துவிடும். அதன் அறிகுறிகள் கண்ணுக்கே தெரியும். நிறங்கள் கன்றிப்போயிருக்கும், தோல் வறண்டிருக்கும், தலை எப்போதும் ஒரே கோணத்தில் திரும்பியிருக்கும், பென்சில் ஓவியம் கேட்டாலும் புகைப்படமே வரும். குறைவாகக் கற்றதன் அடையாளம் வேறு. எதைக் கேட்டாலும் கச்சிதமாக வரையும், ஆனால் முகம் சித்தி மகளுடையதாக இருக்கும்.

கற்றல் வேகத்தில் நேரும் குழப்பமும் இங்கேதான். லோராவுக்கு வழக்கமான மதிப்பு 0.0001. மாடல் முழுவதையும் திருத்தும் டிரீம்பூத்துக்கு அதில் நூறில் ஒரு பங்கு அளவு போதும். ஒன்றுக்கான காணொளியைப் பார்த்து இன்னொன்றில் எண்ணைப் போட்டால், லோரா எதையுமே கற்காது, அல்லது மாடல் முழுதும் சிதைந்துவிடும்.

திரையில் ஓடும் 'லாஸ்' எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது பயனற்றது. ஒவ்வொரு படியிலும் படத்தில் கலக்கும் இரைச்சலின் அளவு மாறுவதால் அந்த எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நம்பகமான வழி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோப்பைச் சேமித்து, எல்லாவற்றையும் ஒரே சோதனைக்கு உட்படுத்துவது. தொடக்க எண்ணான சீடை மாற்றாமல், ஒவ்வொரு கோப்பிடமும் நான்கு படம் கேட்க வேண்டும்: நெருக்கமான முகம், கடற்கரையில் சிவப்புப் புடவை, பென்சில் ஓவியம், கடைசியாக `ohwx` இல்லாமல் வெறும் `woman`. நான்காவதிலும் மாணவியின் முகமே வந்தால், மாடலில் பெண்கள் எல்லோரும் அவராகிவிட்டார்கள் என்று பொருள். படங்களை வரிசையாக அடுக்கினால், முகம் சரியாகவும் புடவை சிவப்பாகவும் இருக்கும் கடைசிக் கோப்பு எது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பத்தாவதாக இருக்காது. ஆறாவதோ ஏழாவதோதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் முழு உருவப் படத்தில் முகம் குழம்புகிறதே என்று பலர் பயிற்சியை மறுபடி தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, 512 புள்ளி அகலமுள்ள படத்தை உள்ளுக்குள் 64 கட்டங்களாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 48 புள்ளி அகலமுள்ள தொலைதூர முகத்துக்குக் கிடைப்பது ஆறே கட்டம். கண், மூக்கு, வாய் மூன்றும் அதற்குள் அடங்காது. முகப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, அதே லோராவால் மறுபடி வரைந்து ஒட்டும் கருவிகள் உள்ளன. அதைச் செய்தால் முகம் திரும்பி வந்துவிடும்.

சாயல் சரியா என்று தீர்ப்பு சொல்ல, படத்துக்கு உரியவர் அவ்வளவு பொருத்தமானவர் அல்ல. தன் முகத்தைப் பெரும்பாலும் கண்ணாடியில் புரட்டிப் பார்த்தே பழகியவர் அவர். கூட வாழும் அம்மாவிடமோ அறைத்தோழியிடமோ உண்மைப் படம் ஒன்றையும் வரைந்த படம் மூன்றையும் கலந்து காட்டினால், எது உறுத்துகிறது என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

தேர்ந்தெடுத்த அந்தக் கோப்பை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. அது யார் கையில் போனாலும், `ohwx woman` என்று தட்டினால் அந்த மாணவியின் முகத்தை எந்த இடத்திலும் எந்த உடையிலும் வரையும், உடையே இல்லாமலும் வரையும். நண்பர் கேட்டால் படத்தை அனுப்பலாம், கோப்பை அனுப்பக் கூடாது. வாடகைக் கணினியில் பயிற்சி கொடுத்திருந்தால் லோரா கோப்பையும், அதனுடன் ஏற்றிய செல்ஃபிகளையும், நடுவில் சேமித்த மற்ற ஒன்பது கோப்புகளையும் அங்கிருந்து அழித்துவிட்டு வெளியேற வேண்டும்.