ஒட்டுத் தெரியாத முகம்

கல்யாண குரூப் போட்டோவில் எல்லோரும் சரியாக நிற்க, மணப்பெண்ணின் சித்தி மட்டும் கண்ணை மூடியிருப்பார். அடுத்த ஃப்ரேமில் அவர் கண் திறந்திருக்கும், வேறொருவர் திரும்பியிருப்பார். இரண்டாம் படத்தில் இருக்கும் சித்தியின் முகத்தை முதல் படத்தில் பொருத்துவது ஸ்டுடியோக்களில் அன்றாட வேலை. வேலையைக் காட்டிக்கொடுப்பவை தாடையோரமும் நெற்றியின் முடியோரமும்தான்.

போட்டோஷாப் மாஸ்க்கில் வெள்ளைப் பகுதி புது முகத்தைக் காட்டும். கறுப்பு அதை மறைக்கும். நடுவில் சாம்பலாக மங்கும் ஓரத்தைத்தான் ஃபெதர் என்கிறார்கள். அது குறுகலாக இருந்தால் நிற வித்தியாசம் கோடாகத் தெரியும். அகலமாக இருந்தால் நிறம் இழையும். ஆனால் இரு படங்களின் தோல்துளைகளும் முடிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாததால், கலக்கும் இடம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

பர்ட், ஏடல்சன் என்ற இருவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதற்கு வழி சொன்னது: பெரிய நிறமாற்றங்களை அகலமாகவும் நுணுக்கங்களைக் குறுகலாகவும் தனித்தனியே கலக்க வேண்டும். ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் அந்த யோசனைக்குத் தோதான முறை.

சித்தியின் முகம் சுமார் 600 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படங்களையும் தனித்தனியே இரண்டிரண்டு பிரதி எடுங்கள். கீழ்ப் பிரதிக்கு 6 பிக்சல் Gaussian Blur கொடுத்தால் நிறமும் நிழலும் மட்டும் மிஞ்சும். மேல் பிரதியில் Apply Image வழியாக அந்த மங்கலைக் கழித்தால் (8 பிட் படத்துக்கு Subtract, Scale 2, Offset 128) சாம்பல் பின்னணியில் தோலின் நுணுக்கம் நிற்கும். நிற லேயர்கள் இரண்டும் அடியில் இருக்கட்டும். நுணுக்க லேயர்கள் இரண்டையும் Normal-ஆகவே ஒரு குரூப்பில் போட்டு, குரூப்புக்கு Linear Light கொடுங்கள். புது முகத்தின் நிற லேயர் மாஸ்க்குக்கு 25 பிக்சல் ஃபெதர், நுணுக்க மாஸ்க்குக்கு 3 பிக்சல் போதும்.

தாடைக் கோட்டின் மேலேயே மாஸ்க் ஓரத்தை ஓட்டக்கூடாது. கழுத்தின் நிழல் தாடைக்குள் கசிந்து, தாடி முளைத்ததுபோல் கறுக்கும். ஓரத்தைக் கன்னத்துக்குள் இழுத்து, பழைய தாடையையும் அதன் நிழலையும் அப்படியே விடுவது நல்லது. முடியோரத்திலும் அப்படித்தான்: ஓரம் நெற்றித் தோலிலேயே முடியட்டும், பழைய முடி இருக்கட்டும். நெற்றியில் விழும் குட்டி முடிகளை 2 பிக்சல் பிரஷ்ஷால் நுணுக்க மாஸ்க்கில் கறுப்பால் வரைந்து மீட்கலாம்.

முடித்ததும் மேலே ஒரு Curves லேயர் போட்டு கான்ட்ராஸ்ட்டைச் செங்குத்தாக ஏற்றிப் பாருங்கள். ஒட்டு எங்காவது இருந்தால் திட்டாகத் தெரியும். பார்த்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

ஒரு படத்தில் ஒளி இடமிருந்தும் மற்றதில் வலமிருந்தும் விழுந்திருந்தால், எந்த மாஸ்க்கும் உதவாது. அப்போது வேறு ஃப்ரேமைத் தேடுவதே புத்திசாலித்தனம்.