மறைந்த இணையப் பக்கத்தின் பழைய பிரதியை வாசித்தல்

கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் ஸ்தாபனத்தின் சுரங்கப் பணி 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளுடன் நின்றது. அந்நாட்களில் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் இது பற்றி என்ன எழுதின என்பதை ராபர்ட்சன்பேட்டை ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவதாகக் கொள்வோம். பழைய விலாசத்தைத் திறந்தால் “பக்கம் இல்லை” என்ற அறிவிப்பே வருகிறது; அல்லது அதே விலாசத்தில் வேறொரு புதிய தளம் நிற்கிறது. இத்தகைய நிலையில் உதவுவது இணைய ஆவணக் காப்பகம் ஆகும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் ஸ்தாபனம் 1996 முதல் இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்து வருகிறது. அவற்றைப் பொதுமக்கள் பார்ப்பதற்கான ‘வேபேக் மெஷின்’ என்னும் வசதி 2001 அக்டோபரில் திறக்கப்பட்டது. தேட வேண்டிய முறை எளிது. மறைந்த பக்கத்தின் விலாசத்தைப் பின்வருமாறு சேர்த்து எழுத வேண்டும்:

```
web.archive.org/web/*/பழைய-விலாசம்
```

உடனே ஆண்டுவாரியாக ஒரு நாட்காட்டி தோன்றும். பிரதி எடுக்கப்பட்ட தேதிகளின் மீது வட்டங்கள் இருக்கும். நீல வட்டம் பக்கம் முறையாகக் கிடைத்தது என்பதைக் குறிக்கும். பச்சை வட்டமாயின், அன்று அந்த விலாசம் வேறொரு விலாசத்திற்கு அனுப்பிவிட்டது என்று பொருள். இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. பத்திரிகை பிற்காலத்தில் தன் விலாசத்தை மாற்றிக்கொண்டிருந்தால், இன்றைய விலாசத்தின் கீழ் 2001ஆம் ஆண்டில் ஒன்றும் இராது. அக்காலத்து விலாசத்தையே கொடுக்க வேண்டும். அது பழைய அச்சுப் பிரதியின் முதற்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கக் கூடும்.

பிரதி திறந்ததும் முதலில் நோக்க வேண்டியது அதன் விலாசத்தில் உள்ள பதினான்கு இலக்கங்களை. அவை ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிஷம், வினாடி என்ற வரிசையில் அமைந்தவை. ஆனால் கிரீன்விச் நேரப்படி எழுதப்பட்டவை. உதாரணமாக 20010228203015 என்று இருந்தால், அது பிப்ரவரி 28, இரவு 8 மணி 30 நிமிஷம் 15 வினாடி ஆகும். இந்திய நேரத்திற்கு ஐந்தரை மணி கூட்டினால் மார்ச் 1, அதிகாலை 2 மணி ஆகிவிடுகிறது. சுரங்கம் மூடிய நாளிலேயே வெளியான செய்தியா, மறுநாள் செய்தியா என்ற வழக்கில் இந்த ஐந்தரை மணி முக்கியம். மேலும், அது பிரதி எடுத்த நேரமேயன்றிச் செய்தி எழுதப்பட்ட நேரமன்று.

இதற்குப் பின்னரே தமிழ் வாசகருக்கு உரிய தனி இடையூறு எதிர்ப்படுகிறது. பக்கம் முழுவதும் ¾Á¢ú என்பது போன்ற புரியாத குறிகளாகத் தெரியலாம். பிரதி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் கைவிடுவர். உண்மையில் அது சேதமின்றியே இருக்கிறது. யூனிக்கோடு பரவுவதற்கு முன்னர், தமிழ்த் தளங்கள் பிற எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களையே தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கி, அதற்குரிய எழுத்துருவை வாசகர் கணிப்பொறியில் நிறுவச் சொல்லின. மேற்கண்ட நான்கு குறிகளும் திஸ்கி என்னும் முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லே: ¾ என்பது ‘த’, Á என்பது ‘ம’, ¢ என்பது இகரக் கொக்கி, ú என்பது ‘ழ்’. எழுத்துரு இன்றைய கணிப்பொறியில் இல்லாமையால் குறிகள் மட்டுமே தெரிகின்றன.

எம்முறையில் எழுதப்பட்டது என்பதை அறிய, பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பார்க்க வேண்டும்.

```
<font face="TSC_Avarangal">
```

இவ்வாறு TSC எனத் தொடங்கினால் பெரும்பாலும் திஸ்கியாகும். பிறகு உரையை நகலெடுத்து, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் திஸ்கியிலிருந்து யூனிக்கோடுக்கு மாற்றலாம். நாளிதழ்கள் பல தத்தம் சொந்த எழுத்துரு முறைகளைக் கையாண்டமையால், ஒன்றுக்குரிய மாற்றி மற்றொன்றுக்குப் பயன்படாது. முறை தவறினால் எழுத்துகள் தமிழாகவே வரும், சொற்கள்தாம் பொருளற்றிருக்கும். அவ்வேளையில் வேறொரு முறையைத் தேர்ந்து மீண்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

செய்தியுடன் காணப்படும் படத்தைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். உரையும் படமும் வெவ்வேறு நாட்களில் சேகரிக்கப்பட்டிருக்கலாம். காப்பகம் அவற்றை ஒரே பக்கமாகப் பொருத்திக் காட்டுகிறது. மேல்பட்டையில் உள்ள ‘About this capture’ என்னும் இணைப்பை அழுத்தினால் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய கால வேறுபாடு தெரியும். பிப்ரவரிச் செய்தியின் அருகே தோன்றும் சுரங்கப் படம் சில மாதங்கள் பிந்தியதாக இருந்தால், அதை அந்நாளைய படமென்று வகுப்பில் காட்டலாகாது.

தேடல் பெட்டியில் பெயரை எழுதிப் பெற வேண்டிய தகவல்கள் பொதுவாகக் காப்பகத்தில் இரா. பிரதி எடுக்கும் நிரல் இணைப்புகளைப் பின்பற்றிச் செல்வதேயன்றி, பெட்டிகளை நிரப்புவதில்லை. சிறிய தளங்களுக்கு ஆண்டில் ஓரிரு பிரதிகளே இருப்பதும் உண்டு. நாட்காட்டியில் பிப்ரவரி மாதம் வெறுமையாக இருந்தால், அன்று செய்தி வெளியாகவில்லை என்று அதிலிருந்து முடிவு செய்ய இயலாது. அந்நாளைய நாளிதழின் அச்சுத் தொகுப்பை நூலகத்தில் தேடுவதே அப்போது எஞ்சும் வழி.