விற்பனைக்கு என்று எழுதினால் போதுமா?

ஒரு நூற்பாலை தன் சாயப்பட்டறையை விற்க முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் அதன் மதிப்பு 12 கோடி ரூபாய். சந்தையில் 10.5 கோடிதான் போகும். தரகு போன்ற விற்பனைச் செலவு 50 லட்சம். இந்தியக் கணக்குத் தரம் 105-ன்படி குறைவான தொகையான 10 கோடியையே காட்ட வேண்டும். 2 கோடி நட்டம் உடனே ஏறும். தேய்மானமோ அன்றோடு நிற்கும்.

தேய்மானத்தைத் தவிர்க்கத்தான் இந்த விற்பனையா? தணிக்கையாளருக்கு இந்தச் சந்தேகம் வரவேண்டும். இயக்குநர் குழுத் தீர்மானத்தின் தேதி, தரகர் ஒப்பந்தம், கேட்கும் விலை மூன்றையும் பார்ப்பார். 15 கோடி கேட்டு உட்கார்ந்திருந்தால் ஓராண்டுக்குள் யார் வாங்குவார்? அந்த வகைப்பாடே நிற்காது.

சாயத்தொழில் நிறுவனத்தின் தனிப்பெரும் பிரிவாக இருந்தால் மட்டுமே அதன் வரிக்குப் பிந்தைய லாபநட்டம் ஒரே தொகையாகத் தனியே காட்டப்படும். ஒப்பீட்டுக்காகச் சென்ற ஆண்டின் லாபநட்டக் கணக்கும் அவ்வாறே பிரிக்கப்படும்.