மங்கலான படத்தில் ஒரு கணக்கு

அக்கா மகள் பாடப்புத்தகப் பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். Z = 4x + 3y மிகப் பெரிதாக வேண்டும்; 2x + y ≤ 10, x + y ≤ 6; x, y ≥ 0. படம் மங்கல். குறிகளைத்தான் முதலில் கேட்டேன். ≤ என்பது ≥ ஆக இருந்தால் தொடக்க அட்டவணையே வேறு.

ஒவ்வொரு வரம்பிலும் மீதமாகும் அளவுக்கு s, t என்று பெயரிட்டால் அவை சமன்பாடுகளாகிவிடும்:

```
    x   y   s   t
s   2   1   1   0 | 10
t   1   1   0   1 |  6
Z  -4  -3   0   0 |  0
```

Z வரிசையில் −4தான் மிகவும் குறைந்த எண். ஆகவே x உள்ளே வருகிறது. 10/2 = 5, 6/1 = 6. சிறியது 5 என்பதால் s வெளியேற வேண்டும். அவளோ 6-ஐப் பிடித்திருந்தாள். வலப்பக்கத்தில் −2 வந்து நின்றது. அங்கே குறை எண் வந்தாலே வரிசைத் தேர்வில் பிழை என்று பொருள்.

முதல் வரிசையை 2-ஆல் வகுத்து, மற்ற வரிசைகளிலிருந்து x-ஐ நீக்கினோம். x = 5, Z = 20. ஆனால் y-க்குக் கீழே −1 இன்னும் இருக்கிறது, வேலை முடியவில்லை. இப்போது விகிதங்கள் 10, 2. அதனால் t வெளியேறி y வருகிறது:

```
    x   y   s   t
x   1   0   1  -1 |  4
y   0   1  -1   2 |  2
Z   0   0   1   2 | 22
```

Z வரிசையில் குறை எண் இல்லை. x = 4, y = 2, Z = 22. t-க்குக் கீழுள்ள 2-ஐ அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் வரம்பை 6-லிருந்து 7 ஆக்கினால் Z 24 ஆகும் என்பதை அது சொல்கிறது.