வங்கியில் நிறுத்தினால் மட்டும் போதாது

சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றும் ஒருவர், எல்.ஐ.சி. பாலிசிக்கு மாதந்தோறும் தானாகப் பிரீமியம் பிடிக்கும் ஏற்பாட்டை வங்கியில் ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி கையாலேயே கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

சிக்கல் அங்கேதான். எல்.ஐ.சி.யில் மாதத் தவணை என்பதே தானியங்கிப் பற்றுக்கோ சம்பளப் பிடித்தத்துக்கோ உரியது. கையால் கட்ட விரும்பினால் தவணையைக் காலாண்டு, அரையாண்டு அல்லது ஆண்டு முறைக்கு மாற்ற வேண்டும். எனவே முதலில் பாலிசி உள்ள கிளையில் எழுத்து மூலம் விண்ணப்பித்து ஒப்புகை பெறுவது நல்லது. புதிய முறை எந்தத் தவணையிலிருந்து தொடங்கும், இடைப்பட்ட மாதங்களுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு வங்கியில் ரத்து செய்யலாம், அதற்கு யு.எம்.ஆர்.என். எனும் அடையாள எண் உதவும்.

வங்கியில் மட்டும் ரத்து செய்தால், நிறுவனம் வழக்கம்போல் பணம் கேட்கும்; வங்கி மறுக்கும்.

தவணை அக்டோபர் 10 என்றால், மாத முறைக்குக் கிடைக்கும் சலுகைக் காலம் 15 நாள். அக்டோபர் 25-க்குள் பணம் சேராவிட்டால் பாலிசி காலாவதியாகும். பிற முறைகளுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கட்டியபின் ரசீதில் அடுத்த தவணைத் தேதி மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.