புளித்த கிரீம்: ஏன் சில நேரம் தண்ணியாகவே நின்றுவிடுகிறது?

போன மே மாதம் எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். மகளுக்காக வீட்டிலேயே 'சவர் கிரீம்' செய்யப் பார்த்திருக்கிறார். கடையில் வாங்கிய கிரீமில் ஒரு ஸ்பூன் தயிரைக் கலந்து இரவு முழுக்க வைத்திருந்தாராம். காலையில் பார்த்தால் மோர் போல ஓடியது. "கெட்டுப் போயிடுச்சா, சாப்பிடலாமா?" என்று கேட்டார். அன்றைக்கு அமராவதி நகரில் இரவிலும் புழுக்கம் குறையவில்லை.

இந்தக் கேள்விக்குக் கிண்ணத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. தண்ணியாக இருக்கும் கிரீமில் இரண்டு வகை உண்டு. ஒன்று நன்றாகப் புளித்தும் கெட்டியாகாதது. மற்றொன்று புளிக்கவே இல்லாதது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்புக்கு அப்படியல்ல.

நம் வீட்டு ஆடையும் இதுதான்

ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன மாவட்டம் இது. பாலாடையை எடுத்து, கொஞ்சம் உறைமோர் விட்ட பாத்திரத்தில் சேர்த்துவைத்து, புளித்ததும் கடைந்து வெண்ணெய் எடுப்பது பல வீடுகளில் பழக்கம். கடைவதற்கு முந்தைய நிலையில் அந்தப் பாத்திரத்தில் இருப்பதுதான் புளித்த கிரீம். தயிருக்கு உறை ஊற்றும் அதே நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலின் கேசின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோலப் பின்னிக்கொள்ளும். அந்த வலைதான் தயிரின் கெட்டித்தன்மை.

கிரீமில் இந்த வலை இயல்பாகவே மெலிந்தது. கொழுப்பு கூடக் கூடப் புரதத்துக்கு இடம் குறைகிறது. பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் புரதம் இருக்கும். கிரீமில் அதைவிடக் குறைவு. அதனால் புளிப்பு சரியாக வந்தாலும், தயிரைப் போலக் கட்டியாக வெட்டி எடுக்க வராது.

கடைச் சரக்கு மட்டும் எப்படிக் கெட்டியாகிறது?

அமெரிக்காவில் சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால் கொழுப்பு இருந்தால் போதும். நம் கடைகளில் டெட்ரா பேக்கில் வரும் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் இருக்கிறது. கொழுப்பு குறைந்த அது ஸ்பூனில் நிற்கிறது, நம்முடையது வழிகிறது. தொழிற்சாலையில் கிரீமை அதிக அழுத்தத்தில் நுண்துளை வழியாகச் செலுத்துவார்கள். அப்போது கொழுப்புத் திவலைகள் பொடியாக உடைந்து, அவற்றின்மேல் கேசின் படியும். கேசின் பூசிய திவலைகளும் புரத வலையோடு பிணைந்துகொள்கின்றன. இதோடு மாவுச்சத்தோ ஜெலட்டினோ சேர்ப்பவர்களும் உண்டு. வீட்டில் அந்த எந்திரம் கிடையாது. நம் கையில் இருப்பவை சூடு, பால் பவுடர், குளிர்ச்சி ஆகிய மூன்றுதான்.

செய்முறை

200 மில்லி கிரீமில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். இந்த ஒரு கரண்டி, கிரீமில் ஏற்கெனவே இருக்கும் புரதத்தில் பாதியளவைக் கூடுதலாகத் தரும்.

கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 80 முதல் 85 டிகிரி வரை சூடாக்கி, அதே சூட்டில் பத்து நிமிடம் வையுங்கள். ஆவி நன்றாகக் கிளம்பும், ஓரத்தில் சிறு குமிழிகள் வரும், ஆனால் பொங்கக் கூடாது. இந்தச் சூட்டில் மோர்நீரோடு கரைந்திருக்கும் புரதங்களும் குலைந்து கேசினோடு ஒட்டும். அதனால் வலை தடிக்கும், நீரையும் பிடித்துவைக்கும்.

பிறகு ஆறவிடுங்கள். விரலை வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. முந்தின இரவு உறைந்த, அதிகம் புளிக்காத தயிரில் இரண்டு தேக்கரண்டி கலந்து மூடிவையுங்கள். மார்கழிக் குளிரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துவிடும்.

புளிப்பு மணம் வந்ததும் கலக்காமல், ஆட்டாமல் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாள் விடுங்கள். நம் ஊர்க் கோடைச் சூட்டில் பால் கொழுப்பு ஏறக்குறைய முழுக்க உருகிய நிலையில் இருக்கும். குளிரில்தான் அதில் பெரும்பகுதி உறைந்து கெட்டிப்படும். காலையில் தண்ணியாகத் தெரிந்தது, மறுநாள் ஸ்பூனில் நிற்கும்.

புளித்தும் தண்ணியாக இருந்தால்

இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் வைக்கும் முன்பே கலக்கியிருப்போம், அல்லது கிரீமைச் சூடாக்காமல் உறை ஊற்றியிருப்போம். வெயில் நாளில் அதிக நேரம் வெளியே விட்டிருந்தால், புளிப்பு மிஞ்சி வலை சுருங்கி நீர் பிரிந்திருக்கும். ஒரு நாள் குளிர்ந்த பிறகும் இளகியிருந்தால், துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடிகட்டலாம்.

துணி விஷயத்தில் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனியிலிருந்து வரும் பனியன் கட்டிங் வேஸ்ட்டில் வடிகட்ட வேண்டாம். சாயமும் மென்மையாக்கும் ரசாயனங்களும் அதில் இருக்கலாம். இழுத்தால் கண்கள் விரிந்து கிரீமும் சேர்ந்து வழியும். சலவை செய்து வெந்நீரில் கொதிக்கவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணியே போதும்.

புளிக்கவே இல்லையென்றால்

ஆபத்து இங்கேதான். புளிப்பு கிரீமுக்குக் காவல்காரன். அது வராவிட்டால், கை, கரண்டி, காற்று வழியாக வந்த வேறு கிருமிகள் அந்தச் சூட்டில் தாராளமாகப் பெருகும். பன்னிரண்டு மணி நேரமாகியும் தயிர் மணம் வரவில்லை என்றாலோ, கசந்த அல்லது அழுகிய வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். சுவைத்துப் பார்க்க வேண்டாம். வீணாகிறதே என்று காய்ச்சி நெய்யாக்கவும் வேண்டாம். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி விட்டுச்செல்லும் நச்சு, கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

காரணங்கள் மூன்று. சூடாக இருக்கும்போதே உறை ஊற்றியிருக்கலாம். உறைத்தயிர் பழசாகியிருக்கலாம். பாலிலேயே மருந்து எச்சம் இருக்கலாம். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாள்வரை கறந்து ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அந்த மருந்து உறைமோர்க் கிருமிகளையும் தடுக்கும். 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை ஆய்வு செய்தபோது, 77 மாதிரிகளில் இந்த எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. சந்தேகம் வந்தால், அதே உறைத்தயிரைப் பாக்கெட் பாலில் ஊற்றிப் பாருங்கள். அங்கே உறைந்தால் உறையில் குறையில்லை, கிரீமைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பச்சைப் பாலில் எடுத்த கிரீமைக் காய்ச்சாமல் பயன்படுத்தக் கூடாது. புருசெல்லா, காசநோய்க் கிருமிகள் அதில் இருக்கலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆடையைச் சேர்ப்பவர்கள் முதல் நாளே உறைமோர் விட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

எவ்வளவு சாப்பிடலாம்?

25 சதவீதக் கிரீமில் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய நான்கு கிராம் கொழுப்பு தரும். அதில் பாதிக்கு மேல் நிறைகொழுப்பு. இரத்தக் கொழுப்புக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அக்காவின் கிண்ணத்தை மோந்து பார்த்தேன். நல்ல தயிர் மணம். கலக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்றேன். மறுநாள் சாயங்காலம் அதே கிண்ணம் வந்தது. ஸ்பூனைச் சாய்த்தும் கிரீம் விழவில்லை.