ஒன்றரை இட்லியில் வயிறு நிறையும் அப்பா

"அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நாலைந்து மாதமாகப் பசி முன்போல இல்லையம்மா. நாலு இட்லி சாப்பிட்டவன், ஒன்றரையிலேயே போதும் என்று கை கழுவிவிடுகிறேன். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டாயிற்று. 62 கிலோ இருந்தவன் 57-க்கு வந்துவிட்டேன். மெடிக்கலில் வாங்கிய அசிடிட்டி மாத்திரை போட்டால் தேவலை. வயசானால் இப்படித்தானே? லீவு போட்டு ஓடி வராதே."

இது கற்பனைக் கடிதம். ஆனால் எழுபதைத் தாண்டிய அப்பாக்கள் பலர் இதைத்தான் போனில் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். இதில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. சாப்பிடவே தோன்றாதது ஒன்று. ஆசையோடு உட்கார்ந்து, நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டதும் மருத்துவரின் கவனம் இரைப்பை மீது போகும்.

சோறு இறங்கும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். வயதானால் அந்தத் தளர்வு குறைகிறது. உணவு கீழே நகர்வதும் தாமதமாகிறது. ஆக, அப்பா சொல்வதில் பாதி உண்மை. ஆனால் முதுமை மட்டும் சில மாதங்களில் ஐந்து கிலோவைக் கரைத்துவிடாது. முயலாமலே ஓர் ஆண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே காரணம் தேட வேண்டும். 62 கிலோவுக்கு அது மூன்று கிலோ சொச்சம்; அப்பா அதைத் தாண்டிவிட்டார்.

மகள் திருப்பிக் கேட்க வேண்டியது: நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியில் வருகிறதா? வந்தால் இரைப்பையின் வெளிவாசல் அடைபட்டிருக்கலாம். மலம் தார் போலக் கறுத்திருக்கிறதா? அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாகலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும் என்பதால் அதையும் விசாரிக்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளி என்றால் இரைப்பை நரம்பு பழுதாகி உணவு தேங்கலாம். மெட்ஃபார்மின், டிகாக்சின் போன்ற மாத்திரைகளும் பசியைக் கெடுக்கும். துணையை இழந்த துக்கமும் கெடுக்கும்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த அசிடிட்டி மாத்திரைதான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புண்ணின் எரிச்சலை அடக்கும்; புற்றுநோய்ப் புண்ணின் தொந்தரவையும் சில நேரம் அடக்கும். தேவலை என்பதை வைத்துப் பயமில்லை என்று முடிவு கட்ட முடியாது.

அறுபதுக்கு மேல் புதிதாக இந்தத் தொல்லை, கூடவே எடைக் குறைவு என்றால் எண்டோஸ்கோபி செய்துவிடுவதே முறை. இரவு முழுக்கப் பட்டினி, காலையில் சில நிமிட வேலை. சந்தேகப்படும் இடத்தில் சதைத்துணுக்கு எடுப்பார்கள். ஒருவகைப் புற்றுநோய் புண்ணாக வெளியே தெரியாமல் சுவருக்குள்ளேயே பரவி, இரைப்பையைத் தோல்பை மாதிரி விறைக்க வைத்துவிடும். காற்றைச் செலுத்தினாலும் அது விரியாது. அப்போது மேலாக எடுத்த துணுக்கு நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தாலும் மருத்துவர் விடமாட்டார். ஆழமாக இன்னொரு துணுக்கும் சிடி ஸ்கேனும் கேட்பார்.